லோகோவுக்கு டைம்லைன் எதற்கு?

மேச்சேரி, நங்கவள்ளி, ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் கேமரா பிடிக்கிற யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான். வீடியோவின் மூலையில் லோகோ வேண்டும், அதுவும் சட்டென்று குதிக்காமல் மெல்லத் தெளிந்து வர வேண்டும் என்றால் எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டும். டைம்லைனில் வீடியோவுக்கு மேலே லோகோவை இன்னொரு லேயராக வைத்து, கீஃப்ரேம் போட்டு, எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்று பேச்செடுத்தால், “அது கன்வெர்ட் பண்றதுக்குத்தானுங்க. லோகோவ வேணா ஒட்டலாம், ஃபேடு எல்லாம் வராது. வந்தாலும் குவாலிட்டி போயிரும்” என்பார்கள். கூடவே, “கமாண்டு அடிக்கறதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்க வேலை, நமக்கு எதுக்கு?” என்றும் ஒரு வார்த்தை வரும்.

இந்தப் பேச்சில் முதல் பாதி தப்பு. இரண்டாவது பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அவர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. கடைசி வார்த்தைக்குப் பதில் சொல்வதற்குள் எனக்குக் கோபம் வந்துவிடும், அதனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

எந்த வேலையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கல்யாணப் படம் இதில் சேராது. முகூர்த்தம், வரவேற்பு, பாட்டுக்கு வெட்டு என்று மூன்று மணி நேரம் டைம்லைனில் உட்காருகிறவர் லோகோவையும் அங்கேயே வைத்துவிடலாம், அதில் எனக்கு வழக்கில்லை. நான் பேசுவது ஆட்டு வீடியோவைப் பற்றி. பொட்டனேரியில் 1978 முதல் மேச்சேரிச் செம்மறிக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. மயிலம்பாடி என்றும் பெயர் உள்ள அந்த இனத்தைத் தேடி வெளி மாவட்டத்துக்காரர்கள் இப்போது ஃபோனில்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆடு வளர்க்கிறவர் ஒவ்வொரு கிடாவுக்கும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று துண்டு துண்டாகப் பிடிக்கிறார். வெட்டு கிடையாது, பாட்டு கிடையாது. ஆடு நடக்கிறது, பக்கவாட்டில் நிற்கிறது, வாயைத் திறந்து பல் காட்டுகிறார்கள், வயதைச் சொல்கிறார்கள், முடிகிறது. ஒரு சந்தைக்கு முப்பது, நாற்பது துண்டு சேரும். எல்லாவற்றிலும் அதே மூலையில் அதே லோகோ, அதே இரண்டாவது நொடியில், அதே வேகத்தில் வர வேண்டும். நாற்பது தடவை டைம்லைனைத் திறந்து நாற்பது தடவை கீஃப்ரேம் போடு என்று சொல்கிற கருத்தைத்தான் நான் மறுக்கிறேன்.

ஃபேடு வராது என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. முயன்று பார்த்திருக்கிறார்கள், வரவில்லை. ஏன் வரவில்லை என்று பார்க்காமல் கருவியின் மேல் பழி போட்டதுதான் தப்பு. பெரும்பாலும் அவர்கள் அடித்திருக்கக்கூடிய கமாண்டு இப்படி இருக்கும்:

```
ffmpeg -i aadu.mp4 -i logo.png -filter_complex "[1:v]fade=t=in:st=2:d=1.5:alpha=1[lg];[0:v][lg]overlay=W-w-48:48" out.mp4
```

படித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. இரண்டாவது நொடியில் தொடங்கி ஒன்றரை நொடியில் லோகோ தெளிய வேண்டும் என்று `fade` சொல்கிறது. வலது மேல் மூலையில் 48 பிக்சல் இடம் விட்டு வை என்று `overlay` சொல்கிறது. ஓட்டினால் எந்தப் பிழையும் காட்டாமல் வேலை முடிகிறது. ஆனால் வெளியே வருகிற வீடியோவில் லோகோவே இல்லை. இரண்டாவது நொடியிலும் இல்லை, முப்பதாவது நொடியிலும் இல்லை. பிழை காட்டியிருந்தாலாவது தேடியிருப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் லோகோவை விழுங்கிவிட்டதால் “இதுல வராது” என்று கையைக் கழுவிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். `logo.png` ஒரு படம். வீடியோ கணக்கில் அது ஒரே ஒரு ஃப்ரேம், அதன் நேரம் பூஜ்ஜியம். `fade` ஒவ்வொரு ஃப்ரேமாக வாங்கி, அந்த ஃப்ரேமின் நேரத்தைப் பார்த்து, எவ்வளவு தெரிய வேண்டும் என்று கணக்குப் போடுகிற வடிகட்டி. அதன் கைக்கு வந்தது பூஜ்ஜியமாவது நொடியின் ஒரு ஃப்ரேம் மட்டும். இரண்டாவது நொடிக்கு முன்னால் வருகிற எதுவும் தெரியக் கூடாது என்பதுதான் நாம் கொடுத்த உத்தரவு. அதனால் அது அந்த ஒரு ஃப்ரேமை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாததாக்கி அனுப்பியது. அடுத்த ஃப்ரேம் வரவே இல்லை. `overlay` என்ன செய்யும்? மேலே வைக்கும் படம் தீர்ந்துபோனால் கடைசியாக வந்த ஃப்ரேமையே கடைசிவரை வைத்திருக்கும், அது அதன் இயல்பு. கண்ணுக்குத் தெரியாத லோகோவை வீடியோ முடியும்வரை விசுவாசமாக ஒட்டிக்கொண்டே இருந்தது.

சிலர் `st=2` என்பதை `st=0` என்று மாற்றிப் பார்ப்பார்கள். அப்போதும் வராது. ஃபேடு தொடங்கும் கணத்தில் தெரிய வேண்டிய அளவு பூஜ்ஜியம்தான், இருக்கிற ஒரே ஃப்ரேம் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. வேறு சிலர் `fade`-ஐத் தூக்கிவிட்டு `overlay`-க்குள் `enable='gte(t,2)'` என்று எழுதுவார்கள். இப்போது லோகோ வரும், ஆனால் சுவிட்ச் போட்ட மாதிரி வரும். இரண்டாவது நொடிக்கு முன்னால் இல்லை, பின்னால் முழுசாக இருக்கிறது, நடுவில் ஒன்றும் கிடையாது. இதைப் பார்த்துவிட்டு, “பாத்தீங்களா, ஒட்டத்தான் முடியும்” என்ற முடிவுக்கு வந்தவர்கள்தான் இந்த வட்டாரத்தில் அதிகம் என்று நினைக்கிறேன்.

இதற்கு மருந்து ஒரே ஒரு சொல். படத்தை ஒரு முறை கொடுக்காமல், திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் `-loop 1`. அதைச் சேர்த்து, கூட இன்னும் சிலவற்றையும் சரிசெய்த கமாண்டு:

```
ffmpeg -i aadu.mp4 -loop 1 -framerate 30 -i logo.png ^
 -filter_complex "[1:v]format=rgba,scale=240:-1,fade=t=in:st=2:d=1.5:alpha=1[lg];[0:v][lg]overlay=W-w-48:48:shortest=1[v]" ^
 -map "[v]" -map "0:a?" -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p ^
 -c:a copy -movflags +faststart out.mp4
```

வரிக் கடைசியில் உள்ள `^` விண்டோஸுக்கு, “இன்னும் முடியவில்லை, அடுத்த வரியையும் சேர்த்துப் படி” என்று சொல்வது. லினக்ஸில் அதற்குப் பதில் `\` போட வேண்டும். வேறு வித்தியாசம் இல்லை.

இப்போது லோகோ நொடிக்கு முப்பது ஃப்ரேமாக ஓடுகிற வீடியோவாக மாறிவிட்டது. முதல் அறுபது ஃப்ரேமும் தெரியாது. அடுத்த ஒன்றரை நொடியில், அதாவது நாற்பத்தைந்து ஃப்ரேமில், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கொஞ்சம் கூடிக்கொண்டே போய் மூன்றரையாவது நொடியில் முழுசாக நிற்கும். `-framerate 30` எழுதாவிட்டால் படத்தை நொடிக்கு 25 என்று எடுத்துக்கொள்ளும். குடி முழுகிவிடாது. ஆனால் ஃபோன் வீடியோ முப்பதில் இருக்கும்போது லோகோவின் சில படிகள் இரண்டு ஃப்ரேமுக்கு அப்படியே நிற்கும். கூர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு சிறு நடுக்கம் தெரியும். இந்த இரண்டு சொல்லும் `-i logo.png`-க்கு முன்னால் வர வேண்டும். வீடியோவின் `-i`-க்கு முன்னால் `-loop 1`-ஐப் போட்டால் `Option loop not found` என்று திட்டும். எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு சொல் எந்தக் கோப்புக்கு முன்னால் நிற்கிறதோ அந்தக் கோப்புக்குத்தான் சேரும். இந்த ஒரு விதி புரிந்தால் பாதித் தகராறு தீரும்.

`alpha=1` இல்லாமல் ஓட்டினவர்களும் உண்டு. அப்போது ஃபேடு வரும், ஆனால் லோகோ கறுப்பிலிருந்து வரும். மூலையில் லோகோவின் வடிவத்தில் ஒரு கரிய நிழல் முதல் நொடியிலிருந்தே உட்கார்ந்திருக்கும், பிறகு அது மெல்ல நிறம் பிடிக்கும். சினிமாவில் திரை கறுப்பிலிருந்து விரிகிற ஃபேடு அது. நமக்கு வேண்டியது அது இல்லை. நிறத்தைத் தொடாதே, ஒளிபுகும் தன்மையை மட்டும் மாற்று என்பதுதான் `alpha=1`. அதற்கு லோகோவில் அந்தத் தன்மை இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய `.jpg` லோகோவில் அது இருக்காது. லோகோவைச் சுற்றி வெள்ளைக் கட்டம் கட்டியபடிதான் வரும். டிசைன் செய்தவரிடம் பின்னணி இல்லாத `.png` கேட்டு வாங்குங்கள். அது அவரிடம் கண்டிப்பாக இருக்கும், சோம்பலில் அனுப்பியிருக்க மாட்டார்.

`shortest=1` என்பது சின்னச் சொல், விட்டால் பெரிய தொல்லை. லோகோவை முடிவில்லாமல் கொடுத்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டோம் அல்லவா? ஆட்டு வீடியோ ஒரு நிமிடத்தில் முடிந்த பிறகும் லோகோ முடியாது. எஃப்எஃப்எம்பெக் கடைசிக் காட்சியை உறையவைத்துக்கொண்டு அதன் மேல் லோகோவை ஒட்டி எழுதிக்கொண்டே போகும். ஹார்டு டிஸ்க் நிரம்பும்வரை போகும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓடும்போது திரையில் `time=` என்று ஒரு எண் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றரை நிமிட வீடியோவுக்கு அது ஐந்து நிமிடத்தைக் காட்டினால் `q` அடித்து நிறுத்திவிட்டு இந்தச் சொல்லைத் தேடுங்கள். “எஃப்எஃப்எம்பெக் தொங்கிப் போச்சு, ராத்திரி பூரா ஓடுச்சு” என்று சொல்கிற கதைகளில் பல இந்தச் சொல் விட்டுப்போன கதைகளாகத்தான் இருக்கும்.

சத்தம் போய்விட்டது என்ற புகாரும் இதே வகை. `-map "[v]"` என்று படத்தைக் கை காட்டிவிட்டால், எதை எழுதுவது என்ற பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோம் என்று அது எடுத்துக்கொள்ளும். சத்தத்தையும் கை காட்ட வேண்டும், அதுதான் `-map "0:a?"`. கேள்விக்குறி, சத்தம் இல்லாத துண்டாக இருந்தால் சண்டை போடாமல் தாண்டிப் போவதற்கு.

வந்ததா இல்லையா என்று முழு வீடியோவையும் பார்க்கத் தேவையில்லை. நடுப்பாதியில் ஒரு ஃப்ரேமைப் பிடித்துப் பார்த்தால் போதும்:

```
ffmpeg -ss 2.75 -i out.mp4 -frames:v 1 paathi.png
```

இரண்டேமுக்கால் நொடி என்பது ஃபேடின் சரிபாதி. அந்தப் படத்தில் லோகோ பாதி தெரிய வேண்டும், பின்னாலிருக்கும் வேலியோ மண்ணோ அதன் ஊடே தெரிய வேண்டும். முழுசாகத் தெரிந்தால் `fade` வேலை செய்யவில்லை. லோகோ ஒன்றுமே தெரியாவிட்டாலோ, படமே வராவிட்டாலோ `-loop 1` விட்டுப்போயிருக்கிறது. கறுத்துத் தெரிந்தால் `alpha=1` இல்லை. டைம்லைனில் கண்ணால் பார்த்து வைப்பதுதான் நம்பிக்கை என்கிறவர்களுக்கு இந்த ஒரு படமே பதில்.

இடத்தைப் பற்றியும் அவர்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஃபோனை நிமிர்த்திப் பிடித்த வீடியோவும் படுக்கவைத்துப் பிடித்த வீடியோவும் கலந்து கிடக்கும், ஒரே கமாண்டு இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும் என்பார்கள். `W` வீடியோவின் அகலம், `w` லோகோவின் அகலம். 1920 அகலமுள்ள வீடியோவில் 1920-லிருந்து 240-ஐயும் 48-ஐயும் கழித்து 1632-ஆவது பிக்சலில் லோகோ தொடங்கும். நிமிர்ந்த வீடியோவில் அகலம் 1080 என்றால் அதே கணக்கு 792 என்று வரும். இரண்டிலும் வலது ஓரத்திலிருந்து 48 பிக்சல் தள்ளித்தான் நிற்கும். ஃபோன் எழுதிவைக்கிற சுழற்சிக் குறிப்பை எஃப்எஃப்எம்பெக் தானே படித்துத் திருப்பிக்கொள்ளும். டைம்லைனில் என்றால் நிமிர்ந்த துண்டுக்குத் தனி சீக்வென்ஸ், தனிக் கையாட்டம்.

கீழ் மூலையை நான் ஆட்டு வீடியோவுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். யூடியூப் ஷார்ட்ஸில் கீழேயும் வலது ஓரத்தின் கீழ்ப்பாதியிலும் பட்டன்களும் பெயரும் வந்து மறைத்துவிடும். அதைவிட முக்கியம், ஆட்டின் கால் கீழேதான் இருக்கிறது. வாங்குகிறவர் கால் நிற்கிற நிலையைப் பார்ப்பார். மேச்சேரி ஆடு பெரும்பாலும் வெளிர் பழுப்பு, நிற்கிற மண்ணும் செம்மண். பழுப்பில் லோகோ செய்து வைத்திருக்கிற பண்ணைக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆட்டின் மேலும் மண்ணின் மேலும் அது கரைந்துபோகும். மேல் மூலையில் வானமோ கொட்டகைத் தகரமோ இருக்கும், அங்கே எடுபடும். எப்படியும் லோகோவுக்கு வெள்ளையில் ஒரு கனமான ஓரம் கொடுத்துவிடுவது நல்லது. மெல்லிய சிவப்பு எழுத்தாக இருந்தால் எந்த சாஃப்ட்வேரில் செய்தாலும் கசங்கித்தான் தெரியும். சாதாரண வீடியோவில் நிறத்தைச் சேமிக்கிற நுணுக்கம் வெளிச்சத்தைச் சேமிக்கிற நுணுக்கத்தில் பாதிதான், நீளத்திலும் அகலத்திலும்.

இப்போது தரத்துக்கு வருவோம். கமாண்டில் போட்டால் குவாலிட்டி போகிறது என்பதில் உண்மை எங்கே இருக்கிறது? லோகோவை வீடியோவுக்குள் ஒட்டுவது என்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் பிரித்து, மேலே லோகோவைப் பூசி, மறுபடி சுருக்கி எழுத வேண்டும். சுருக்குகிறபோது கொஞ்சம் போகத்தான் செய்யும். `-c:v copy` போட்டு இதைத் தவிர்க்கப் பார்த்தால், வடிகட்டியும் நேரடி நகலும் சேர்ந்து வராது என்று பிழை காட்டி நின்றுவிடும். இதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் எடிட்டிங் சாஃப்ட்வேர் எக்ஸ்போர்ட் என்ற பெயரில் செய்வதும் இதே காரியம்தான்! அங்கேயும் பிரிக்கிறது, பூசுகிறது, சுருக்குகிறது. எக்ஸ்போர்ட் கம்பி ஓடும்போது அதை யாரும் குவாலிட்டி இழப்பு என்று சொல்வதில்லை, ரெண்டர் என்று சொல்கிறார்கள்.

வித்தியாசம் எண்ணில் இருக்கிறது. எதுவும் சொல்லாமல் விட்டால் இந்தச் சுருக்கி `-crf 23` என்ற அளவில் வேலை செய்யும். பூஜ்ஜியத்திலிருந்து 51 வரை போகிற அளவுகோல் அது. எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். ஆட்டின் மயிரும் புல்லும் அசைகிற காட்சியில் 23-இல் மெழுகு பூசிய மாதிரி தெரியலாம். 18 வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு மூலத்தோடு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அந்த எண்ணை எழுதாமல் ஓட்டிவிட்டு, மறுபக்கம் எடிட்டிங் சாஃப்ட்வேரில் உயர்ந்த பிட்ரேட் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் யார் ஜெயிப்பார்கள்? `-c:a copy` போட்டிருப்பதால் சத்தம் சுருக்கப்படவே இல்லை, மூலத்தில் இருந்தது அப்படியே வருகிறது. பல எடிட்டிங் சாஃப்ட்வேர் சத்தத்தையும் மறுபடி சுருக்கித்தான் கொடுக்கும். இந்த ஒரு விஷயத்தில் கமாண்டு முந்துகிறது என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

அவர்கள் பக்கம் முழு நியாயம் உள்ள ஓர் இடம் உண்டு. எடிட்டிங் செய்து எக்ஸ்போர்ட் ஆன வீடியோவை எடுத்து, லோகோவை மட்டும் எஃப்எஃப்எம்பெக்கில் ஒட்டினால் அது இரண்டாவது சுருக்கல். மாசித் திருவிழாவில் பத்ரகாளியம்மன் தேரை நாலு கேமராவில் பிடித்து வெட்டி ஒட்டிய படத்துக்கு லோகோவையும் அந்த எக்ஸ்போர்ட்டுக்குள்ளேயே வைப்பதுதான் முறை. கேமராவிலிருந்து வந்தபடியே இருக்கிற துண்டுகளுக்குத்தான் என் வாதம். அங்கே இரண்டு வழியிலும் ஒரே ஒரு சுருக்கல்தான்.

ஃபோனின் எச்டிஆர் வீடியோவையும் இந்த எல்லையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கமாண்டு சாதாரண வீடியோவுக்கு எழுதியது. எச்டிஆரில் பிடித்ததை இதில் கொடுத்தால் நிறம் வெளிறியோ லோகோ அளவு மீறி மங்கியோ வரலாம். அதைச் சரிசெய்ய வேறு வடிகட்டிகள் உண்டு, ஆனால் ஆட்டைப் பிடிக்கும்போதே ஃபோனில் எச்டிஆரை அணைத்துவைப்பது பத்து மடங்கு சுலபம்.

“கம்ப்யூட்டர் படிச்சவங்க வேலை” என்ற பேச்சுக்கு வருகிறேன். எஃப்எஃப்எம்பெக்கை 2000-ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கினார். இன்று அது இல்லாத வீடியோ வேலையைத் தேடுவதுதான் கஷ்டம். ஷாட்கட், கெடென்லைவ் என்று இலவசமாகக் கிடைக்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்களுக்குள்ளே வீடியோவைப் படிப்பதும் எழுதுவதும் அதுதான். நேரலைக்குப் பயன்படுத்துகிற ஓபிஎஸ்ஸுக்குள்ளும் அது இருக்கிறது. பட்டனுக்குப் பின்னால் இருக்கும்போது மரியாதை, நேரே வந்தால் அந்நியம். இதற்கு என்ன காரணம் சொல்வது? பணம் கட்டாத நகலாக எடிட்டிங் சாஃப்ட்வேரை யாரிடமோ பென்டிரைவில் வாங்கிப் போட்டு, அதோடு வந்த வைரஸால் கல்யாணத் துண்டுகளை இழந்த ஸ்டூடியோக்கள் எந்த ஊரில் இல்லை? அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்கிறவர்கள், காசும் கேட்காமல் ஒளிவுமறைவும் இல்லாமல் கிடைக்கிற கருவியைப் பார்த்து நாலு வரி அடிக்கணுமே என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

அந்த நாலு வரியையும் ஒரு முறைதான் அடிக்க வேண்டும். நோட்பேடில் கீழே உள்ளதை எழுதி `logo.bat` என்று சேமித்து, ஆட்டுத் துண்டுகளும் `logo.png`-யும் இருக்கிற ஃபோல்டரில் போட்டு இரண்டு முறை தட்டினால் போதும்:

```
mkdir mudinthathu
for %%f in (*.mp4) do ffmpeg -n -i "%%f" -loop 1 -framerate 30 -i logo.png -filter_complex "[1:v]format=rgba,scale=240:-1,fade=t=in:st=2:d=1.5:alpha=1[lg];[0:v][lg]overlay=W-w-48:48:shortest=1[v]" -map "[v]" -map "0:a?" -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -c:a copy -movflags +faststart "mudinthathu\%%f"
pause
```

லோகோ வைத்த வீடியோக்கள் `mudinthathu` என்ற ஃபோல்டருக்குள் அதே பெயரில் போய்ச் சேரும், மூலத்தைத் தொடாது. `-n` என்றால் ஏற்கெனவே அங்கே உள்ளதை மறுபடி எழுதாதே என்று பொருள். நடுவில் கரண்டு போய்விட்டால், பாதியில் நின்ற அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தட்டலாம், முடிந்தவற்றைத் தாண்டிக்கொண்டு போகும். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் `-crf 18`-க்குப் பக்கத்தில் `-preset veryfast` சேருங்கள். சீக்கிரம் முடியும், சுருக்குகிற திறன் கொஞ்சம் குறையும். நாற்பது துண்டும் ஓடுகிற நேரத்தில் ஆட்டுக்குத் தழை வெட்டப் போகலாம். டைம்லைனில் அந்த நேரம் முழுக்க நாற்காலியில்தான்.

யூடியூபே லோகோ வைத்துத் தருகிறதே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். யூடியூப் ஸ்டூடியோவில் சேனலுக்கென்று ஒரு சின்னம் வைக்கலாம், உண்மை. ஆனால் அது வீடியோவுக்குள் இல்லை, யூடியூபின் திரைக்கு மேல் மிதக்கிறது. தட்டினால் சப்ஸ்கிரைப் செய்யச் சொல்கிற பட்டன் அது. அந்த வீடியோவை யாராவது இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்தச் சின்னம் கூடப் போகாது. ஆட்டு வியாபாரம் நடப்பது வாட்ஸ்அப் குழுவில்.

கடைசியாக, லோகோ இருந்தால் யாரும் திருட மாட்டார்கள் என்று நம்பி, திரையின் நடுவில் பெரிதாகப் பதிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூலையில் இருக்கும் லோகோவை ஓரம் வெட்டி எறிந்துவிடலாம். அதே எஃப்எஃப்எம்பெக்கில் `delogo` என்று, லோகோவை மங்கவைத்து மறைப்பதற்கென்றே ஒரு வடிகட்டி இருக்கிறது. லோகோ என்பது ஆட்டின் காதில் குத்துகிற அடையாள வில்லை மாதிரி, பட்டி வேலி இல்லை. யாருடைய ஆடு என்று அது சொல்லும், ஓட்டிப் போகிறவனை அது நிறுத்தாது. அந்த வேலைக்கு மூலையில் 240 பிக்சலும் ஒன்றரை நொடி ஃபேடும் தாராளம். நடுவில் பதித்தால் வாங்க வருகிறவருக்குக் கிடாவின் முதுகு தெரியாது.

ஒன்று மட்டும் தவறாமல் செய்யுங்கள். லோகோ வைத்தது நன்றாக வந்துவிட்டதே என்று ஃபோனில் உள்ள மூலத் துண்டுகளை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு லோகோ மாறும், பண்ணையின் ஃபோன் எண் மாறும். ஒட்டியதை உரிக்க எந்தக் கமாண்டும் இல்லை, எந்த டைம்லைனும் இல்லை. உங்கள் பெயர் இல்லாத அந்த மூலம்தான், இது நான் பிடித்தது என்று நாளைக்கு ஒரு தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கிற சான்று.